ஒரே டிபிஏ, ஒரே மாதம், மூன்று மேனேஜர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஆரக்கிள் டேட்டாபேஸ்களை நிர்வகிக்கும் டிபிஏவை இந்த மாதத்துக்கு மூன்று ப்ராஜெக்ட் மேனேஜர்கள் கேட்கிறார்கள். வங்கிக்கு 15 நாள், மருத்துவமனைக்கு 12, சில்லறைக் கடைத் தொடருக்கு 10. மொத்தம் 37. மாதத்தில் இருப்பதே 21 வேலை நாள்தான். எங்கிருந்து ஆரம்பிப்பது?

யாருக்குக் கொடுப்பது என்பதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். கொடுக்க உங்களிடம் எத்தனை நாள் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அது 21 கிடையாது.

ஏற்கெனவே ஒப்புதல் கொடுத்த விடுப்பு 2 நாள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 19. ஓடிக்கொண்டிருக்கும் பழைய சிஸ்டங்களில் பிரச்சினை வந்தால் பார்ப்பவரும் இவர்தான். பேக்கப் தோற்றுப்போவது, டேபிள்ஸ்பேஸ் நிரம்புவது போன்றவற்றுக்கு வாரம் ஒரு நாள் போனால் மாதத்துக்கு 4 நாள். மீதி 15. கூட்டங்கள், ஜூனியர்களின் ஸ்கிரிப்ட்டைப் பார்த்துக் கொடுப்பது ஆகியவற்றுக்கு வாரம் அரை நாள், ஆக 2 நாள். கடைசியில் நிற்பது 13.

இந்த 13 என்ற எண்ணை முதலில் எல்லோர் முன்னாலும் வையுங்கள். பெரும்பாலான அலுவலகங்களில் சண்டையே 21 நாளை மூன்றாகப் பிரிப்பதில்தான் நடக்கிறது. இல்லாத 8 நாளைப் பங்கு போட்டுவிட்டு மாதக் கடைசியில் யாரோ ஒருவர் ஏமாறுகிறார். பழைய சிஸ்டங்களுக்குப் போகும் நேரம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், கடந்த இரண்டு மூன்று மாத டிக்கெட்டுகளைத் திறந்து பாருங்கள். அந்த டிபிஏவையே கேட்டாலும் சொல்லிவிடுவார். ஊகத்தில் போடாதீர்கள்.

இந்தப் பக்கத்தில் வரும் எண்களும் ரூபாய்க் கணக்கும் ஒரே எடுத்துக்காட்டைக் கடைசிவரை தொடர்ந்து போட்டுக் காட்டுவதற்காக வைத்தவை. உங்கள் எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

சரி, 13 நாள்தான் இருக்கிறது. கேட்பது 37 ஆயிற்றே. இரண்டு பேருக்கு இல்லை என்று சொல்வதைத் தவிர வேறு வழி இருக்கிறதா?

இருக்கிறது. அந்த 37-ஐப் பிரித்துப் பார்க்க வேண்டும். மேனேஜர்கள் ஆளைக் கேட்கிறார்கள். ஆனால் ப்ராஜெக்டுக்குத் தேவைப்படுவது அந்த ஆளின் சில குறிப்பிட்ட வேலைகள் மட்டும். ஒவ்வொரு மேனேஜருடனும் அரை மணி நேரம் உட்கார்ந்து, கேட்ட நாட்களை வேலைகளாக எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் இரண்டே கேள்வி: இதை இவர் மட்டும்தான் செய்ய முடியுமா? இந்த மாதமே செய்தாக வேண்டுமா?

வங்கி ப்ராஜெக்ட் என்பது ஆரக்கிள் 12சி-யிலிருந்து 19சி-க்கு மாறுவது. கேட்டது 15 நாள். அதில் 4 நாள் முன்சோதனை ஓட்டுவதும் அது காட்டும் சில்லறைக் குறைகளைச் சரிசெய்வதும். முன்சோதனையை ஒரு ஜூனியர் டிபிஏ ஓட்டலாம்:

```
java -jar autoupgrade.jar -config bank.cfg -mode analyze
```

`analyze` முறை டேட்டாபேஸில் எதையும் மாற்றாது, அறிக்கை மட்டும் தரும். செல்லாத ஆப்ஜெக்ட்களைச் சரிசெய்வது, இடம் போதுமா என்று பார்ப்பது எல்லாம் ஜூனியரே செய்யக்கூடியவை. ஆனால் அந்த அறிக்கையைப் படித்து எது ஆபத்து, எதை விட்டுவிடலாம் என்று சொல்ல அனுபவம் வேண்டும். அதற்கு நம்மவர் 1 நாள். ஒத்திகை இரண்டு முறை, தலா 2 நாள். புதிய பதிப்பில் குவெரிகளின் எக்ஸிக்யூஷன் பிளான் மாறி எது மெதுவாகிறது என்று கண்டுபிடிப்பதும், திரும்பிப்போகும் வழியைச் சோதிப்பதும் அங்கேதான் நடக்கும். அதை வேறு ஆளிடம் விடாதீர்கள். நிஜமாகவே புதிய பதிப்புக்கு மாறும் கட்ஓவர் வார இறுதியில் 2 நாள், திங்கட்கிழமை கண்காணிப்பு 1 நாள். ஆக 8. கேட்ட 15-இல் மீதி 3 நாள் "பக்கத்தில் இருந்தால் நல்லது" என்ற வகை.

மருத்துவமனையில் காலை 8 மணிக்கு வெளிநோயாளி பதிவுத் திரை திணறுகிறது. கேட்டது 12 நாள். காரணம் கண்டுபிடிக்க 2 நாள்: டேட்டாபேஸின் நேரம் எதில் போகிறது என்று காட்டும் ஏடபிள்யூஆர் வசதிக்கு உரிமம் இருந்தால், காலை நெரிசல் நேரத்து அறிக்கையையும் மதிய நேரத்து அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். எந்த இண்டெக்ஸ், எந்தக் குவெரியை எப்படி மாற்றுவது என்று முடிவு செய்து டெவலப்பர்களிடம் ஒப்படைக்க 1 நாள். மாற்றிய பிறகு ஒரு காலைவேளை நேரில் பார்த்துச் சரிபார்க்க 1 நாள். ஆக 4. மீதி 8 நாள் குவெரியைத் திருத்தி எழுதி டெஸ்ட் செய்வது. அது டெவலப்பர்கள் வேலை.

கடைத் தொடருக்குப் புதிய பில்லிங் சிஸ்டம். டேபிள் வடிவமைப்புக்கு 10 நாள் கேட்டிருக்கிறார்கள். வடிவமைப்பை அந்த டீமின் சீனியர் டெவலப்பர் வரையலாம். பில் டேபிளை எந்த நெடுவரிசையை வைத்துப் பார்ட்டிஷன் செய்வது, எந்த இண்டெக்ஸ் வேண்டாம் என்று சொல்ல நம்மவர் இரண்டு முறை உட்கார வேண்டும். ஆக 2 நாள்.

8, 4, 2. மொத்தம் 14. முப்பத்தேழு பதினான்காகிவிட்டது. இருப்பது 13. உண்மையான மோதல் ஒரே ஒரு நாளுக்குத்தான்.

எல்லா இடத்திலும் இவ்வளவு சுருங்காது. ஆனால் பிரித்துப் பார்க்காமல் முடிவெடுப்பது பெரிய தவறு, ஏனென்றால் பற்றாக்குறை எவ்வளவு என்றே அப்போது யாருக்கும் தெரிந்திருக்காது.

எங்கள் மேனேஜர் ஒருவர் பிரித்துக் காட்ட மறுக்கிறார். "எனக்கு ஆள் முழுசாக வேண்டும், கணக்கெல்லாம் கேட்காதீர்கள்" என்கிறார்.

அவர் பிடிவாதக்காரர் என்று முடிவு கட்டும் முன், பழைய அனுபவத்தைப் பாருங்கள். சென்ற முறை 4 நாள் கேட்டு 2 நாள்தான் கிடைத்திருந்தால், இந்த முறை அவர் 12 கேட்பது இயல்பு. கேட்ட நாளைக் கேட்ட தேதியில் கொடுப்போம் என்ற நம்பிக்கை வந்தால்தான் அந்தக் கொசுறு குறையும்.

அவரிடம் நாள் கணக்கு கேட்காமல் வேறு மாதிரி கேளுங்கள்: "இவர் 3-ஆம் தேதி வரவில்லை என்றால் அன்று உங்கள் டீமில் யார் கை கட்டி உட்கார்ந்திருப்பார்?" இதற்கு ஓர் ஆளையும் ஒரு வேலையையும் சொல்ல முடிந்தால் தேவை உண்மை. "பொதுவாக எல்லாமே தாமதமாகும்" என்று பதில் வந்தால் அந்த நாட்கள் முன்பதிவுக்காகப் பிடித்து வைத்தவை. பிறகும் மறுத்தால், பிரித்துக் காட்டிய இருவருக்கும் முதலில் தேதி போட்டுவிட்டு மிச்சத்தை இவருக்கு ஒதுக்குவேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இது தண்டனை போலத் தோன்றும். ஆனால் விவரம் கொடுத்தவர்களை விவரம் கொடுக்காதவருக்காகக் காக்கவைப்பது அதைவிட அநியாயம்.

மூன்று பேருமே "என்னுடையதுதான் முதல் முன்னுரிமை" என்கிறார்கள். எதை வைத்து வரிசைப்படுத்துவது?

"எது முக்கியம்" என்று கேட்டால் மூன்றுமே முக்கியம்தான். தாமதமானால் நஷ்டம் எப்படி ஏறுகிறது என்று கேளுங்கள். எடுத்துக்காட்டின் மூன்று ப்ராஜெக்ட்களிலும் அது மூன்று விதமாக ஏறுகிறது.

வங்கியில் குறிப்பிட்ட சனிக்கிழமை வரை தாமதத்தால் ஒரு ரூபாய் நஷ்டமும் இல்லை. அந்தச் சனிக்கிழமை தவறினால் கதை வேறு. காலாண்டு முடிவு நெருங்கும்போது வங்கி தன் சிஸ்டங்களில் மாற்றம் எதையும் அனுமதிக்காது. அடுத்த வாய்ப்பு மூன்று மாதம் கழித்துத்தான். அதுவரை டீமை வைத்திருக்கும் செலவு, பழைய சர்வர்களை ஓட்டும் செலவு என்று 12 லட்சம் ஒரே நாளில் தலையில் விழும்.

மருத்துவமனையில் நஷ்டம் இன்றே ஓடிக்கொண்டிருக்கிறது. ஒப்பந்தப்படி திரை குறிப்பிட்ட வேகத்தில் வராத ஒவ்வொரு வாரத்துக்கும் 3 லட்சம் கழிவு. இன்று சரிசெய்தால் இன்று நிற்கும். காலையில் வரிசையில் நிற்கும் நோயாளிகளின் கஷ்டம் இந்தக் கணக்கில் வராது. அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

கடைத் தொடரில் இப்போதைக்கு நஷ்டம் இல்லை. கோடிங் அடுத்த மாத நடுவில்தான் தொடங்குகிறது. வடிவமைப்பு முடிய வேண்டிய தேதிக்கும் அதற்கும் இடையே மூன்று வார அவகாசம் இருக்கிறது. அது கரையும்வரை தாமதம் யாரையும் தொடாது.

இப்படிப் பார்த்தால் வரிசை தானாக வந்துவிடும். தவறவே கூடாத தேதி உள்ள வேலையை முதலில் காலண்டரில் பொருத்தி, அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். வாராவாரம் நஷ்டம் ஏறும் வேலையை அதற்கு முன்னால் இருக்கும் காலி இடத்தில் எவ்வளவு முன்னால் தள்ள முடியுமோ அவ்வளவு முன்னால் வையுங்கள். அவகாசம் உள்ளதற்கு மிச்ச இடம்.

ஒரு எச்சரிக்கை. மேனேஜர் வாயால் சொல்லும் அபராதத் தொகையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒப்பந்தத்தில் அந்தப் பிரிவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பல ஒப்பந்தங்களில் கழிவுக்கு ஓர் உச்சவரம்பு இருக்கும். அந்த வரம்பை ஏற்கெனவே தொட்டிருந்தால், வாராந்திர நஷ்டம் என்ற வாதத்தின் பாதி பலம் போய்விடும். அதேபோல "வாடிக்கையாளர் சொன்ன தேதி" என்பதையும் விசாரியுங்கள். அது மின்னஞ்சலில் இருக்கிறதா, பேச்சுவாக்கில் வந்ததா, இல்லை நாமே போட்டுக் கொடுத்த தேதியா? மூன்றாவது வகை என்றால் அதை மாற்றக் கேட்பதில் தவறே இல்லை.

எதற்கு இவ்வளவு கணக்கு? ஆளுக்கு ஒரு நாள் என்று சுழற்சியில் விட்டால் யாருக்கும் மனவருத்தம் இருக்காதே.

மனவருத்தம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். தலா 5 நாள் எடுக்கும் மூன்று வேலைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொட்டால் அவை 5, 10, 15-ஆம் நாட்களில் முடியும். தினமும் ஒன்று என்று மாற்றி மாற்றிச் செய்தால் 13, 14, 15-ஆம் நாட்களில் முடியும். கடைசி ஆளுக்கு எந்த லாபமும் இல்லை. முதல் ஆளுக்கு 8 நாள் நஷ்டம், இரண்டாம் ஆளுக்கு 4 நாள் நஷ்டம். ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்குப் போகும்போது எங்கே விட்டோம் என்று தேடும் நேரத்தை இதில் நான் சேர்க்கவே இல்லை.

டேட்டாபேஸ் வேலையில் அந்தத் தேடும் நேரம் அதிகம். பாதி படித்த அறிக்கையை இரண்டு நாள் கழித்துத் திறந்தால் ஏறக்குறைய முதலிலிருந்துதான் படிக்க வேண்டும். அதனால் நான் வைத்திருக்கும் விதி: ஒரு வேலைக்கு ஒதுக்கினால் குறைந்தது இரண்டு நாளாவது தொடர்ச்சியாக ஒதுக்க வேண்டும். ரிவியூ போல ஒரே உட்காரலில் முடிவதற்கு மட்டும் விலக்கு.

இந்த எடுத்துக்காட்டில் காலண்டர் கடைசியில் எப்படி வரும்?

மாதம் திங்கட்கிழமை தொடங்குகிறது, கட்ஓவர் மூன்றாம் வாரச் சனி ஞாயிறு, விடுப்பு நான்காம் வாரத்தின் வியாழன் வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு மூன்றரை நாள்தான் கையில் இருக்கும்.

முதல் வாரத் திங்கட்கிழமை வங்கியின் முன்சோதனை அறிக்கையைப் படித்துக் குறைகளின் பட்டியலை ஜூனியரிடம் கொடுத்துவிடுகிறார். இதை முதல் நாளே செய்யக் காரணம் இருக்கிறது. பட்டியல் கைக்கு வந்தால் ஜூனியர் ஒன்றரை வாரம் அதைச் சரிசெய்துகொண்டிருக்கலாம், நம்மவர் வேறு இடத்தில் இருக்கலாம். அந்த வாரத்தின் மீதி இரண்டரை நாள் மருத்துவமனைக்கு. காரணம் தெரிந்து, டெவலப்பர்கள் கைக்கு வேலை போய்விடும்.

இரண்டாம் வாரத் தொடக்கத்தில் ஒன்றரை நாள் மீண்டும் மருத்துவமனை: ஒப்படைப்பில் மிச்சம், பிறகு காலை நெரிசலில் சரிபார்ப்பு. வாரக் கடைசி 2 நாள் வங்கியின் முதல் ஒத்திகை.

மூன்றாம் வாரம் திங்கள் செவ்வாய் இரண்டாம் ஒத்திகை. வியாழன் கடைத் தொடரின் முதல் ரிவியூ. அரை நாள் கைவசம், நான்காம் வாரக் கூட்டங்களை விட்டுவிடுவதால் மிஞ்சுவது; ஒத்திகையில் ஏதாவது வந்தால் அதற்கு. சனி ஞாயிறு கட்ஓவர்.

நான்காம் வாரத் திங்கள் கண்காணிப்பு. பிறகு காம்ப் ஆஃப், விடுப்பு. இரண்டாவது காம்ப் ஆஃப் மாதத்தின் கடைசி நாளில். பல மேனேஜர்கள் மறப்பது இந்த இடத்தைத்தான். வார இறுதி வேலை இலவசம் இல்லை. அந்த 2 நாள் பின்னால் வரும் வேலை நாட்களிலிருந்துதான் கழியும். அதனால்தான் வங்கியின் 8 நாளில் அதையும் சேர்த்தோம்.

கடைத் தொடருக்கு இந்த மாதம் 1 நாள்தான் கிடைத்தது. இரண்டாம் ரிவியூ அடுத்த மாத முதல் வாரத்தில். அவர்களின் மூன்று வார அவகாசத்தில் ஏறக்குறைய இரண்டு வாரம் கரைந்துவிடுகிறது. விட்டுக்கொடுத்த அந்த மேனேஜருக்கு வாய்மொழி நன்றி போதாது. அடுத்த மாதத் தேதியை அசைக்க முடியாத முன்பதிவாக இன்றே போட்டுக் கொடுங்கள். அவருக்கு அவகாசம் இனி ஒரு வாரம்தான். அடுத்த முறை அவரைத் தள்ள இடமே இல்லை.

இந்த முடிவை யார் எடுக்க வேண்டும்? மூன்று மேனேஜர்களே பேசி முடித்துக்கொள்ளலாமா?

முதலில் அவர்களே பேசட்டும். எண்கள் மேசைக்கு வந்த பிறகு, பெரும்பாலும் பேசி முடித்துவிடுவார்கள். அதற்கு ஒரே ஒரு வேலை நாள் கொடுங்கள். முடியவில்லை என்றால் மூவருக்கும் மேலே இருக்கும் ஒருவரிடம், அதாவது டெலிவரி ஹெட் போன்றவரிடம் போக வேண்டும். மூன்று ப்ராஜெக்ட்களின் லாப நஷ்டமும் யாருடைய கணக்கில் சேர்ந்து விழுகிறதோ அவர்தான் முடிவெடுக்கச் சரியான ஆள். டிபிஏவின் நேரடி மேலாளர் எண்களைத் தயாரித்துக் கொடுக்கலாம். ஆனால் ஒரு வாடிக்கையாளருக்கு நஷ்டம் வரட்டும் என்று முடிவு செய்யும் அதிகாரம் அவருக்கு இல்லை.

மேலே கொண்டுபோகும்போது பிரச்சினையை மட்டும் கொண்டுபோகாதீர்கள். ஒரு பக்கத்தில் இரண்டு வழிகளை எழுதுங்கள். "வழி ஒன்று: கடைத் தொடரின் இரண்டாம் ரிவியூ அடுத்த மாதம் போகும், அவர்களின் அவகாசம் மூன்று வாரத்திலிருந்து ஒரு வாரமாகும், பண நஷ்டம் இல்லை. வழி இரண்டு: வங்கியின் திங்கட்கிழமைக் கண்காணிப்பை ஜூனியரிடம் விடுவது, ஒரு நாள் மிச்சம், ஆனால் மாறிய பிளான்களால் திரை மெதுவானால் கண்டுபிடிக்கத் தாமதமாகும்." இப்படி எழுதினால் அவர் பத்து நிமிடத்தில் முடிவு சொல்லிவிடுவார். எண் இல்லாமல் போனால் யார் சத்தமாகப் பேசினாரோ அவருக்கு ஆள் போய்விடுவார். அடுத்த மாதம் எல்லோரும் சத்தமாகப் பேசுவார்கள்.

முடிவு வந்ததும் அன்றே மூவருக்கும் ஒரே மின்னஞ்சலில் எழுதுங்கள். யாருக்கு எந்தத் தேதி, யாருக்கு என்ன கிடைக்கவில்லை, அதனால் என்ன ஆகும், அதை ஏற்றுக்கொண்டவர் யார். கடைசி வரி மிக முக்கியம். அவகாசம் கரைந்த ப்ராஜெக்ட் பிறகு தாமதமானால், பழி அந்த மேனேஜர் மேல் விழக்கூடாது.

நான்தான் அந்த டிபிஏ. மூன்று பேரும் நேராக என்னிடமே வருகிறார்கள். ஒருவர் "அரை மணி நேரம் போதும் சார்" என்கிறார், இன்னொருவர் பழைய நண்பர். நான் என்ன செய்ய?

வரிசையை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். எந்த முடிவை எடுத்தாலும் மற்ற இருவரிடமும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கான அதிகாரத்தையும் யாரும் உங்களுக்குக் கொடுக்கவில்லை.

உங்கள் பொறுப்பு, தகவல் கொடுப்பது. ஒவ்வொரு வேலைக்கும் உண்மையில் எத்தனை நாள் ஆகும், எதை ஜூனியரிடம் விடலாம், எதை விடவே கூடாது என்று உங்களைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் யாருமில்லை. இந்தப் பக்கத்தின் தொடக்கத்தில் 37 நாள் 14 ஆனது அந்தத் தகவலால்தான். அதை எழுதி உங்கள் மேலாளரிடம் கொடுங்கள்.

நேரடியாக வருபவர்களிடம், "செய்து தருகிறேன், ஆனால் என் வாரம் முழுக்க ஒதுக்கப்பட்டிருக்கிறது. யாருடைய நேரத்திலிருந்து எடுப்பது என்று பார்த்து, அந்த மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். மறுத்ததாகவும் இருக்காது, செலவும் கேட்டு வந்தவருக்குத் தெரியும். உண்மையிலேயே சின்ன சந்தேகங்களுக்குத் தினமும் மாலை நான்கு மணிக்கு அரை மணி நேரம் ஒதுக்கிவிடுங்கள். பாதிக் கேள்விகள் நான்கு மணி ஆவதற்குள் தானே தீர்ந்திருக்கும்.

ஒரே ஒரு நாள்தானே குறைகிறது? ஒரு சனிக்கிழமை கூடுதலாக வேலை பார்க்கச் சொன்னால் தீர்ந்ததே.

கட்ஓவர் இருக்கும் மாதத்தில் வேண்டாம். அந்த வார இறுதியில் அவர் இரவு விழித்து, திரும்பிப்போவதா தொடர்வதா என்று முடிவெடுக்க வேண்டியவர். மேம்பாட்டுக்கு முன் எடுத்த உத்தரவாத ரீஸ்டோர் பாயின்ட்டுக்குத் திரும்ப வேண்டுமானால் `COMPATIBLE` அளவை அதுவரை உயர்த்தாமல் வைத்திருக்க வேண்டும். களைத்த ஆள் அந்த ஒரு வரியை முன்கூட்டியே மாற்றிவிட்டால் திரும்பும் வழி அடைபட்டுவிடும். ஒரு நாளை மிச்சம் பிடிக்கப் போய் 12 லட்சத்தைப் பணயம் வைப்பது சரியில்லை.

வெளியிலிருந்து ஒப்பந்த டிபிஏ ஒருவரை ஒரு மாதத்துக்கு எடுத்தால்?

எடுக்கலாம், ஆனால் இந்த மாத மோதலுக்கு அவர் பெரிதாக உதவ மாட்டார். வங்கியின் சிஸ்டத்தில் வெளியாளுக்கு அனுமதி வாங்கவே பெரும்பாலும் வாரக்கணக்கில் ஆகும். வந்த பிறகு சிஸ்டத்தை அவருக்கு விளக்குபவர் யார்? அதே டிபிஏதான். உள்ள 13 நாளில் 2 நாள் அதற்குப் போகும்.

உதவும் இடம் ஒன்று இருக்கிறது. பழைய சிஸ்டங்களின் பராமரிப்பு மாதம் 4 நாள் தின்கிறதே, அது வழக்கமான, எழுதிவைத்த வேலை. அதை வெளியாளிடம் கொடுத்து நம்மவரை விடுவியுங்கள். புதியவருக்குக் கடினமான வேலையைக் கொடுத்துவிட்டுப் பழையவரைப் பேக்கப் பார்க்க வைப்பது தலைகீழ்.

மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்டில் "Level Resource" அழுத்தினால் தானே சரிசெய்து கொடுக்காதா?

மோதலைக் காட்டும், வேலைகளைத் தள்ளியும் வைக்கும். ஆனால் எதைத் தள்ளலாம் என்பதற்கு அது வேலைகளுக்கிடையேயான சார்பு, அவகாசம், தேதி, நீங்கள் கொடுத்த முன்னுரிமை எண் போன்றவற்றைத்தான் பார்க்கிறது. அந்த எண் 0 முதல் 1000 வரை, கொடுக்காமல் விட்டால் 500, 1000 போட்டால் அந்த வேலையைத் தொடாது. மூன்று மேனேஜர்களும் தனித்தனி ஃபைலில் 1000 போட்டால் மென்பொருள் என்ன செய்யும்? வாரம் 3 லட்சம் போகிறது என்பதும் அதற்குத் தெரியாது. முடிவெடுத்த பிறகு அந்த முடிவைப் பதிய அதைப் பயன்படுத்துங்கள்.

எல்லாம் போட்டாயிற்று. இரண்டாம் வாரத்தில் முதல் ஒத்திகை சொதப்பிவிட்டது, இன்னும் 2 நாள் வேண்டும் என்கிறார்கள். இப்போது?

இதற்கான பதில் மாதத் தொடக்கத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒதுக்கீட்டு மின்னஞ்சலில் இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்: வங்கிக்குக் கூடுதல் நாள் வேண்டுமென்றால் முதலில் போவது கைவசமுள்ள அரை நாள், அடுத்து கடைத் தொடரின் வியாழக்கிழமை. மருத்துவமனை வேலை முடியாமல் இழுத்தால் சரிபார்ப்பை வீடியோ அழைப்பில் டெவலப்பரோடு சேர்ந்து செய்வார், ஒத்திகை நாட்களைத் தொடக்கூடாது.

கேட்கும் 2 நாளில் ஒன்றரை அப்படிக் கிடைத்துவிடும். மீதி அரை நாளை அந்த வாரப் பராமரிப்பு நேரத்திலிருந்து எடுத்து, அன்று அவசர டிக்கெட்டை மட்டும் ஜூனியர் பார்க்கட்டும். ஆனால் அதற்கு முன் ஒத்திகை ஏன் சொதப்பியது என்று கேளுங்கள். ஜூனியர் பட்டியலை முடிக்காமல் விட்டிருந்தால் கூடுதல் நாள் வேண்டியது ஜூனியருக்குத்தான். பிளான் மாறி இரவு பேட்ச் வேலை நீண்டுவிட்டது என்றால் நம்மவர் கட்டாயம் வேண்டும். ஒருவேளை இரண்டாம் ஒத்திகைக்குப் பிறகும் திரும்பிப்போகும் வழி வேலை செய்யவில்லை என்றால், கூடுதல் நாள் கேட்பதை நிறுத்திவிட்டு கட்ஓவரைத் தள்ளலாமா என்ற கேள்வியோடு அன்றே டெலிவரி ஹெட்டிடம் போங்கள். வெள்ளிக்கிழமை மாலை வரை வைத்திருக்காதீர்கள்.

ஒவ்வொரு மாதமும் இதே கதைதான். நிரந்தரமாகக் குறைக்க என்ன வழி?

இரண்டு காரியம் பலன் தரும். முதலாவது, ஆறு வாரம் முன்னோக்கிய ஒரு ஒதுக்கீட்டுத் தாள், எல்லா மேனேஜர்களும் பார்க்கும் இடத்தில். அதில் உறுதியான முன்பதிவும் தற்காலிக முன்பதிவும் தனித்தனி நிறத்தில் இருக்கட்டும். தற்காலிகமாகப் பிடித்ததை வேலை தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது உறுதி செய்யவில்லை என்றால் தானாக விடுபட வேண்டும். இந்த விதி இல்லாத தாள் ஒரு மாதத்தில் பொய்யாகிவிடும். எல்லோரும் எல்லா வாரத்தையும் பிடித்து வைத்திருப்பார்கள்.

இரண்டாவது, இவர் மட்டுமே செய்யக்கூடியது என்று எழுதிய வேலைகளின் பட்டியல். எடுத்துக்காட்டில் அது 14 நாள். ஒவ்வொரு மாதமும் அதில் ஒரு வேலையையாவது இன்னொருவரும் செய்யும்படி மாற்றுங்கள். இந்த முறை வங்கியின் இரண்டு ஒத்திகையிலும் ஜூனியரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். முதல் ஒத்திகையில் பார்க்கட்டும். இரண்டாவதில் விசைப்பலகை அவர் கையில் இருக்கட்டும், சீனியர் பார்க்கட்டும். வேகம் குறையும், அதனால் ஒத்திகைக்கு 2 நாள் என்று போட்டதை ஒன்றரையாகக் குறைக்கச் சொல்லி யாராவது வந்தால் சம்மதிக்காதீர்கள். அடுத்த முறை இதே மேம்பாடு வேறு வாடிக்கையாளருக்கு வரும்போது முதல் ஒத்திகையை ஜூனியர் தனியாக நடத்தலாம். அதோடு சீனியரின் கணக்கிலிருந்து 2 நாள் குறையும்.